சிவப்பும் வெள்ளையும் பிரியும் தட்டு

ஒரு குழாயில் இரண்டு பாக்டீரியாக்கள் கலந்திருக்கின்றன: சிவப்பு நிறமி தரும் செராட்டியா, நிறமற்ற ஈ.கோலை. கண்ணுக்குத் தெரிவது வெறும் கலங்கல் நீர்தான். ஒரு துளியிலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றை எப்படித் தனியாக எடுப்பது? எடுக்க வேண்டியதில்லை, இழுத்து இழுத்துக் குறைத்தால் போதும்.

கம்பி வளையத்தைச் சுடரில் செந்நிறமாகும் வரை காய்ச்சி, ஆறவிட்டு, கலவையைத் தொட்டு, அகார் தட்டின் ஒரு கால்பகுதியில் நெருக்கமாகத் தீற்றுகிறோம். பிறகு வளையத்தை மறுபடி காய்ச்ச வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். காய்ச்சாவிட்டால் பழைய செல்கள் கூடவே வந்து தட்டு முழுவதும் அடர்ந்துவிடும். ஆறிய வளையத்தால் முதல் பகுதியின் ஓரத்தை மூன்று நான்கு முறை மட்டும் கடந்து, அடுத்த பகுதிக்குள் கோடிழுக்கிறோம். இப்படியே மூன்றாவது, நான்காவது பகுதிகள். கடைசிக் கோடு முதல் பகுதியைத் தொடவே கூடாது.

வளையம் அகாரைத் தொடும்போது 'சுர்' என்றால் இன்னும் சூடு இருக்கிறது; செல்கள் செத்துப்போகும். தட்டின் மேல் ஈரம் நின்றால் கூட்டங்கள் ஒன்றோடொன்று வழிந்து கலக்கும். அதனால்தான் தட்டைக் கவிழ்த்து வைக்கிறோம்.

சுமார் 28 டிகிரி செல்சியஸில், ஓரிரு நாளில் கடைசிப் பகுதியில் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகள் தனித்தனியே நிற்கும். 37 டிகிரியில் வைத்தால் செராட்டியாவின் சிவப்பு மங்கிவிடும்.

தனியாகத் தெரியும் புள்ளியிலும் இன்னொரு செல் ஒட்டியிருக்கலாம். ஆகவே அதை எடுத்துப் புதிய தட்டில் இன்னொரு முறை தீற்றிப் பாருங்கள்.