ஆசிட் படும் மூலைக்கு எந்த பீடிங்?

என் தங்கை வீட்டுக் குளியலறையில் கழிவுநீர்க் குழாயை மறைத்துச் செங்கல்லால் ஒரு பெட்டி கட்டியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏழடி உயரத்துக்குச் சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் மூலை அது. இரண்டு பக்கமும் டைல்ஸ் ஒட்டி, மூலையில் ஷாம்பெயின் நிற அலுமினிய பீடிங் வைத்தார்கள். வேலை முடிந்த அன்று கண்ணைப் பறித்தது. ஒரு வாரம் கழித்துப் போனபோது மேலிருந்து கீழ்வரை நிறம் வழிந்தோடிய மாதிரி கோடு கோடாக வெளுத்திருந்தது. “மட்டமான சரக்கை வாங்கிட்டேன் போலண்ணா” என்றாள். சரக்கில் குற்றம் இல்லை. டைல்ஸ் மேல் படிந்திருந்த சிமெண்ட் கறையை எடுக்க, வேலை முடிந்ததும் வந்த ஆள் ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்.

இந்தப் பட்டையைக் கடைகளில் டைல்ஸ் பீடிங், டிரிம், கார்னர் என்று பல பெயரில் கேட்கலாம். அதற்கு முன்பெல்லாம் இரண்டு டைல்ஸின் ஓரத்தையும் 45 டிகிரியில் சீவி, கூராகச் சேர்ப்பதுதான் வழக்கம். இன்றும் நல்ல கை உள்ளவர்கள் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் சுவர் டைல்ஸில் பளபளப்பு மேலே மெல்லிய ஏடு மட்டுமே. அடியில் இருப்பது நீர் உறிஞ்சும் சுட்ட மண். சீவிய முனையில் வாளி ஒருமுறை இடித்தால் ஏடு பெயர்ந்து மண் தெரியும். ஜெர்மனியில் டைல்ஸ் பதிக்கும் தொழிலாளியாக இருந்த வெர்னர் ஷ்லூட்டர், ஓரங்களைக் காக்க 1975-ல் ஓர் உலோகப் பட்டையை உருவாக்கினார். துளைகள் உள்ள ஒரு கால் டைல்ஸுக்கு அடியில் பசையில் புதைந்திருக்கும், முகம் மட்டும் வெளியே தெரியும். இன்றைய பீடிங்குகளும் அதே அமைப்புதான்.

அலுமினியத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். அந்த உலோகத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் ஆக்சைடு படலம். அனோடைஸ் செய்வது என்றால் அந்தப் படலத்தையே மின்சாரத்தால் தடிப்பாக்குவது. ஷாம்பெயின், கறுப்பு போன்ற நிறங்கள் அதற்குள்தான் ஏறியிருக்கின்றன. இந்தப் படலம் நடுத்தரமான ஈரத்தைத் தாங்கும். கடும் அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். குளியலறை மூலையிலோ இரண்டும் உண்டு. பின்னாலிருந்து ஈரச் சிமெண்ட், அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். முன்னாலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிவறைத் திரவம். சிமெண்ட் இறுகிக் காய்ந்துவிட்டால் பின்பக்கத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். பட்டைக்குப் பின்னால் பசை நிரம்பாமல் பொந்து இருந்தால் மட்டும் அங்கே காரநீர் தேங்கி நின்று அரிக்கும். அதனால் பொந்தில்லாமல் பசையை அடைக்கவும், முகத்தில் ஒட்டியதை உடனே ஈரத்துணியால் துடைக்கவும் சொல்ல வேண்டும். முன்பக்கத் தொல்லை நம் கையில்தான் இருக்கிறது, வாரா வாரம்.

“அப்படியானால் ஸ்டீல் போட்டுவிடலாமே” என்பார்கள். போடலாம், ஆனால் எந்த ஸ்டீல்? 304 எனும் ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. விலை குறைந்த 200 வரிசை ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். ஈரத்தில் பழுப்புப் புள்ளி சீக்கிரம் விழும். கடைக்காரர் காந்தத்தை வைத்து “பாருங்க சார், ஒட்டலை, ஒரிஜினல்” என்பார். இரண்டு ரகத்திலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. கையில் தூக்கிப் பார்த்தால் ஸ்டீலா அலுமினியமா என்பது தெரிந்துவிடும், ஒரே கன அளவில் ஸ்டீல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். ரகத்தை மட்டும் பில்லில் எழுதி வாங்குவதே வழி. கடலோரத்திலும், உப்பு ஏறிய போர் தண்ணீர் வரும் வீடுகளிலும் 316 ரகம் மேல். அதில் சேரும் மாலிப்டினம் உப்பின் அரிப்பைத் தாங்க உதவும்.

இவ்வளவு செலவழித்தும் ஆசிட்டிடம் ஸ்டீலுக்கு முழு விடுதலை கிடையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு ரகத்தையும் தின்னும். மூடாமல் வைத்த பாட்டிலின் புகைகூட அருகிலிருக்கும் பட்டையில் துருப்புள்ளி வைத்துவிடும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பழியை ஸ்டீல் சுமக்கும். வெட்டுவதும் சிரமம். கட்டிங் வீலில் அவசரமாக அறுத்தால் முனை கருகி நீலம் பாயும். கருகிய அந்த இடத்தில்தான் துரு முதலில் தொடங்கும். அறுத்த பிறகு அரம் போட்டுத் தேய்த்துத் தெளியவைக்க வேண்டும்.

பி.வி.சி.யைப் பார்த்தாலே பலருக்கு இளக்காரம். ஆனால் சிமெண்டும் ஆசிட்டும் உப்புத் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. ஹாக்சா பிளேடால் சுலபமாக அறுக்கலாம், மூன்றிலும் விலை குறைவு. அதன் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. எளிதில் கீறல் விழும், கீறலில் அழுக்கு குடியேறும். வெயில் விழும் வென்டிலேட்டர் ஓரத்தில் வெள்ளை நிறம் மஞ்சளாகும். சூட்டுக்கு நீள்வதும் அதிகம்: ஏழடிப் பட்டை 20 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்தான். மேல் முனையில் அந்த இடைவெளியை விட்டுவைக்க வேண்டும். கடையிலோ வீட்டிலோ சாய்த்து வைத்த பட்டை வளைந்திருக்கும், வளைவோடு பதித்தால் மூலையே நெளிந்து தெரியும்.

எதை வாங்கினாலும் டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். தங்கை வீட்டு டைல்ஸ் 8 மில்லிமீட்டர் தடிப்பு. பட்டை 8-லும் கிடைக்கும், 10-லும் கிடைக்கும். பட்டை ஒரு மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் டைல்ஸுக்கு அடியில் பசையைக் கூட்டிச் சமன் செய்துவிடலாம். டைல்ஸ் பட்டையைவிட உயர்ந்துவிட்டால் சரிசெய்ய வழியே இல்லை. நாம் மறைக்க நினைத்த ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு சுவரிலும் வேறு வேறு தடிப்பில் டைல்ஸ் ஒட்டுகிறீர்கள் என்றால் தடிப்பானதை வைத்துத்தான் பட்டை. பட்டைக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு கிரவுட் அடைக்க வேண்டும்.

அந்தக் குளியலறைக்குத் தேவைப்பட்டது எட்டடி நீளத்தில் இரண்டே பட்டை. குழாய்ப் பெட்டிக்கு ஏழடி, ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக. இரண்டடிக்கு ஒன்றரை அடி வென்டிலேட்டரைச் சுற்றி ஏழடி, நான்கு மூலையிலும் 45 டிகிரியில் சீவி. மறுபடி வாங்கப் போனபோது குழாய்ப் பெட்டிக்கு வெள்ளை பி.வி.சி.தான் வாங்கச் சொன்னேன். கோப்பைக்குப் பக்கத்திலேயே இருக்கும் மூலை, ஆசிட் தெறிக்காமல் இருக்காது. வென்டிலேட்டரைச் சுற்றி இருந்த அலுமினியத்தை அப்படியே விட்டாள். ஆசிட் அவ்வளவு உயரம் போகவில்லை. ஏற்கெனவே பதித்த பட்டையை மட்டும் தனியே உருவ முடியாது. அதன் கால் டைல்ஸுக்கு அடியில் இருப்பதால், மூலையின் ஒரு பக்கத்து டைல்ஸ் வரிசை முழுவதையும் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று.

இந்த முறை கிரவுட் அடைத்த மேஸ்திரி, அது இறுகுவதற்குள் ஈர ஸ்பாஞ்சால் இரண்டு தரம் துடைத்துவிட்டார். “கறை காயறதுக்கு முன்னாடி எடுத்துட்டா ஆசிட்டே வேணாம்மா” என்றார் தங்கையிடம். வென்டிலேட்டர் பட்டையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தார், அதையும் உரித்துக்கொண்டு கிளம்பினார்.