"இது நீ எழுதின மாதிரியே இல்லையேம்மா!" - வாராவாரம் எழுதும்போது நம் குரல் எங்கே தொலைகிறது?

கும்பகோணத்தில் வசிக்கும் அந்தப் பெண்ணுக்கு வயது 61. அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். படுத்த படுக்கையாகிவிட்ட தன் அம்மாவைப் பற்றி, ஞாயிறுதோறும் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார். பேரப்பிள்ளைகள் பெரியவர்களான பிறகு படிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

22-வது வாரம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது நீ எழுதின மாதிரியே இல்லையேம்மா. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல யாரோ பேசுற மாதிரி இருக்கு!"

முதலில் கோபம்தான் வந்தது. அன்று இரவு முதல் வாரக் கட்டுரையையும் 22-வது வாரக் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

முதல் வாரம் இப்படித் தொடங்கியிருந்தது: 'அம்மா காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது பால் பாத்திரத்தைத்தான். அதில் எறும்பு ஏறியிருந்தால் அன்று முழுக்க எனக்குத் திட்டு.'

22-வது வாரம் இப்படி: 'தாய்மை என்பது தியாகத்தின் மறுபெயர். இன்றைய தலைமுறையினராகிய நாம் இதை உணர வேண்டும்.'

"முதல் கட்டுரையில எங்க அம்மா இருக்காங்க. ரெண்டாவதுல யாரோட அம்மா வேணும்னாலும் இருக்கலாம்" என்கிறார் அவர்.

மாறியது எங்கே?

எல்லாக் கட்டுரைகளையும் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தார். மூன்று இடங்களில் மாற்றம் பிடிபட்டது.

ஒன்று, 'நான்' என்று எழுதியவர், பத்தாவது வாரத்துக்குப் பிறகு 'நாம்' என்று எழுத ஆரம்பித்திருந்தார். 'நாம்' வந்ததும் பின்னாலேயே 'வேண்டும்' வந்துவிட்டது. முதல் மூன்று கட்டுரைகளில் ஒரே ஒரு 'வேண்டும்'. கடைசி மூன்றில் 14.

இரண்டு, சொற்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தன. 'அடுப்படி' சமையலறை ஆகியிருந்தது. 'அம்மா' சில இடங்களில் அன்னை, சில இடங்களில் தாயார். "எங்க வீட்டுல யாரும் 'அன்னை'ன்னு கூப்பிட்டதில்ல" என்று சிரிக்கிறார்.

மூன்று, கடைசி வரிகள். எல்லாக் கட்டுரைகளின் கடைசி வரியையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தார். ஆரம்ப வாரங்களில் ஒவ்வொன்றும் ஒரு சம்பவத்தோடு நின்றிருந்தது. பிற்பகுதியில் எல்லாமே உபதேசம். ஒரு கட்டுரையின் கடைசி வரியை இன்னொன்றில் ஒட்டினாலும் பொருந்தியது. அப்படிப் பொருந்தினால் குரல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஏன் மாறியது?

காரணங்கள் எளிமையானவை. மனதில் ஆழமாகப் பதிந்த நினைவுகளைத்தான் எல்லோரும் முதலில் எழுதுவார்கள். இரண்டு மூன்று மாதங்களில் அந்தக் கையிருப்பு கரைந்துவிடும். சொல்ல சம்பவம் இல்லாதபோது அந்த இடத்தைப் பொதுக்கருத்து நிரப்பிவிடுகிறது.

இன்னொரு காரணம் பாராட்டு. ஒன்பதாவது வாரம் அம்மாவின் நகை அடகுக்குப் போன கதையை எழுதியிருந்தார். படித்த உறவினர்கள் பலரும் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். அதன்பிறகு அவரை அறியாமலே, ஒவ்வொரு வாரமும் கண் கலங்கவைக்கும் வரியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால், இவ்வளவு மாற்றம் எழுதும்போது ஏன் கண்ணில் படவில்லை? ஒவ்வொரு ஞாயிறும் எழுத உட்காரும் முன் போன வாரக் கட்டுரையை மட்டும்தான் படித்திருக்கிறார். தையல்காரர் அளவுத் துணியை வைத்து வெட்டாமல், கடைசியாக வெட்டிய துணியை வைத்தே அடுத்ததை வெட்டினால், ஒவ்வொன்றிலும் நூலளவுதான் வித்தியாசம் தெரியும். இருபதாவது சட்டை ஆளுக்கே பொருந்தாது.

அரைப் பக்கக் குறிப்பு

அதனால் அவர் இரண்டு விஷயங்களைச் செய்தார். நோட்டின் முதல் தாளில் அரைப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதி ஒட்டினார். 'அம்மா' மட்டும், அன்னை, தாயார் இல்லை. 'அடுப்படி' என்றே எழுதவும். 'நாம்' கூடாது. பேசுகிறவர்கள் வீட்டுப் பேச்சில் பேசட்டும். கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். கடைசி வரியில் யாராவது ஏதாவது செய்ய வேண்டும், அல்லது சொல்ல வேண்டும்.

அடுத்தது, எழுதும் முன் முதல் வாரக் கட்டுரையை வாய்விட்டுப் படிப்பது. எழுதி முடித்ததும் புதியதையும் அதேபோலப் படிப்பது. நாக்கு தடுக்கும் இடத்தில், தான் பேசாத சொல் ஒன்று உட்கார்ந்திருக்கும் என்கிறார்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. குரல் வேறு, வார்ப்பு வேறு. நான்கு கட்டுரைகளைத் தொடர்ந்து பால் பாத்திரம், தோசைக்கல் என்று பாத்திரத்திலேயே தொடங்கினார். மகள் அதையும் கண்டுபிடித்துவிட்டார். சொல்கிற ஆள் மாறக் கூடாது. சொல்லும் விதம் மாறித்தான் ஆக வேண்டும்.

துக்கம் வந்த வாரம்

27-வது வாரம் அவருடைய அம்மா இறந்துபோனார். குறும்பும் திட்டுமாக ஓடிக்கொண்டிருந்த தொடரில் இதை எந்தக் குரலில் எழுதுவது?

இதே இக்கட்டு 1759-ல் லண்டனில் சாமுவேல் ஜான்சனுக்கு வந்தது. ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற அதே ஜான்சன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் 'தி ராம்ப்ளர்' என்ற பெயரில், 1750 முதல் 1752 வரை வாரம் இரண்டாக 208 இதழ்கள் கொண்டுவந்தார். மிகச் சிலவற்றைத் தவிர எல்லாமே அவர் எழுதியவை. கனமான, கம்பீரமான நடை. 1758-ல் தொடங்கிய வாரக் கட்டுரைத் தொடருக்கு 'தி ஐட்லர்', அதாவது 'சோம்பேறி' என்று பெயர் வைத்து, குரலையும் லேசாக்கிக்கொண்டார்.

அந்தத் தொடர் நடுவில் இருக்கும்போது, 1759 ஜனவரியில் அவருடைய தாயார் காலமானார். சில நாள்களிலேயே அடுத்த கட்டுரை வர வேண்டும். ஜான்சன் அந்த வாரம் சோம்பேறியைச் சற்று ஒதுங்கி நிற்கவைத்தார். நெருங்கிய ஒருவரை இழந்த வாசகர் எழுதிய கடிதம் என்று சொல்லி, துக்கத்தை அந்தக் கடிதத்துக்குள் வைத்தார். தன் தாயார் என்று எங்கும் சொல்லவில்லை. பிறகு தொடர் வழக்கம்போல ஓடி, 1760 ஏப்ரலில் முடிந்தது.

கும்பகோணத்துப் பெண் வேறு வழியில் போனார். இரண்டு ஞாயிறு எழுதவில்லை. மூன்றாவது ஞாயிறு எழுதியதில் தாய்மை, தியாகம், பிரிவு எதுவும் இல்லை. அவருடைய அரைப் பக்கக் குறிப்பு அதை அனுமதிக்கவில்லை. முதல் வாரம் போலவே காலை நேரத்தில் தொடங்கினார்:

'பதினாறு நாள் கழித்து அடுப்படிக்குப் போனேன். பால் பாத்திரத்தில் எறும்பு ஏறியிருந்தது. திட்ட ஆளில்லை. நானே என்னைத் திட்டிக்கொண்டு பாலை வடிகட்டினேன்.'

மகள் படித்துவிட்டு போன் செய்தார். இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகள் சொன்னார்: "பாட்டி மாதிரியே திட்டுறம்மா நீ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை அந்த வரியில் முடிந்தது.