‘நடுவுல ரெண்டரை வருஷம் என்ன பண்ணீங்க?’

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மூன்று வருட வேலை. அதை விட்டுவிட்டு இரண்டரை வருடம் டி.என்.பி.எஸ்.சி. படிப்பு. முதல்நிலைத் தேர்வு தேறி, முதன்மைத் தேர்வில் நின்றுபோனது. இப்போது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பம். கற்பனை உதாரணம்தான், ஆனால் இப்படி ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. நேர்முகத் தேர்வில் இவரிடம் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். இடைவெளியில் என்ன செய்தீர்கள், துறையை ஏன் மாற்றுகிறீர்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் பலரும் இடைவெளியை மறைக்கப் பார்க்கிறார்கள். மாதங்களை விட்டுவிட்டு வெறும் வருடங்களை மட்டும் ரெஸ்யூமில் போடுவது ஒரு வழி. பணம் வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் தயாரித்துத் தரும் ‘கன்சல்டன்ஸி’களைத் தேடிப் போவது இன்னொரு வழி. சரி தவறு என்ற பேச்சே வேண்டாம், முதலில் இது பலிக்காது. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் பெரும்பாலானவை வருங்கால வைப்புநிதிக்குள் வருகின்றன. அந்தக் கணக்குக்கான யு.ஏ.என். எண்ணில், நீங்கள் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். பின்னணி சரிபார்ப்பவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். பணம் கட்டி வாங்கிய ‘இரண்டு வருட அனுபவ’த்துக்கு அங்கே ஒரு மாதச் சந்தா கூட இருக்காது. விவரம் பொய்யென்று தெரிந்தால் வேலை ரத்து என்ற வரி பெரும்பாலான ஆஃபர் லெட்டர்களில் உண்டு. சேர்ந்து மூன்று மாதம் கழித்து வெளியே அனுப்பப்பட்டால், ஒரு இடைவெளிக்குப் பதில் இரண்டு இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கேட்பவர் மனதில் இருப்பது என்ன? அவர் உங்கள் வாழ்க்கையை எடைபோட உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வதால்தான் குரல் தழைகிறது. அவருடைய சந்தேகங்கள் மிகவும் நடைமுறையானவை. கற்றது மறந்துபோயிருக்குமா? அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்தால் இவர் மறுபடி கிளம்பிவிடுவாரா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஆகவே நம் இன்ஜினியர் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இது: “2021 டிசம்பரில் வேலையை விட்டேன் சார். அரசுத் தேர்வுக்கு முழு நேரமும் படித்தேன். முதல்நிலை தேறினேன், முதன்மைத் தேர்வில் தேறவில்லை. இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கடைசி ஆறு மாதமாக மேனுவல் டெஸ்டிங்கும் எஸ்.க்யூ.எல்.லும் கற்றேன். ஒரு டிக்கெட் முன்பதிவு இணையதளத்தை எடுத்து, அதற்கு டெஸ்ட் கேஸ் எழுதிப் பார்த்திருக்கிறேன், கொண்டுவந்திருக்கிறேன்.” இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. தேதி, காரணம், முடிவு, இப்போதைய நிலை எல்லாமே இதில் வந்துவிட்டன. “தேறவில்லை” என்ற சொல்லை விழுங்காமல் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அதை விழுங்கினால், “ரிசல்ட் என்னாச்சு?” என்று அவரே கேட்பார். கேட்டு வாங்கப்பட்ட உண்மைக்குப் பாதி மரியாதைதான்.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அப்புறம்தான். முதல் பதில் முடிந்ததும் எதிரில் இருப்பவர் இரண்டு விநாடி பேசாமல் குறிப்பெடுப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், அப்பாவின் கடன், மாமா சொன்ன அறிவுரை, கோச்சிங் சென்டர் சரியில்லாதது என்று கதை நீளும். சொல்லி முடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

“இனி எழுத மாட்டேன்” என்பதையும் உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்லுங்கள். ஏற்கெனவே எழுதிய ஒரு தேர்வின் முடிவுக்காகக் காத்திருந்தால், அதைப் பற்றிக் கேட்கும்போது, “ஒரு முடிவு வர வேண்டியிருக்கிறது, புதிதாக எதற்கும் விண்ணப்பிக்கவில்லை” என்று சொல்லலாம். இதனால் ஒரு வேலை கைநழுவவும் கூடும். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி துறை மாற்றம். “ஐ.டி.யில் நல்ல எதிர்காலம் இருக்கிறது சார்” என்பதுதான் இதற்கு வழக்கமாக வரும் பதில். அன்றைக்கு வந்த அத்தனை பேரும் அதையே சொல்லியிருப்பார்கள். பழைய வேலையைத் தொலைவில் தள்ளிவைப்பதும் தவறு. நம் இன்ஜினியரின் பலமே அந்த ஆலையில்தான் இருக்கிறது.

ஒரு ஷாஃப்டின் விட்டம் 25 மில்லிமீட்டர், 0.05 கூடலாம் குறையலாம் என்று வரைபடம் சொல்கிறது. அனுபவமுள்ள தரப் பரிசோதகரின் கண் 24.95, 25.05 என்ற இரண்டு விளிம்புகளில்தான் இருக்கும், ஏனென்றால் தவறான பாகம் நுழைவது அந்த வழியாகத்தான். டெஸ்டிங்கில் ‘பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ்’ என்று சொல்லித்தருவது இதே யோசனைதான். 18 முதல் 60 வயதுவரை என்று ஒரு படிவம் கேட்டால், டெஸ்டர் 35ஐப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவதில்லை. 17, 18, 60, 61 ஆகியவற்றைப் போட்டுப் பார்க்கிறார். ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டில் எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எந்த பேட்ச் என்று எழுதியவருக்கு, எந்த வெர்ஷன், எந்த பிரவுசர், எந்தெந்தப் படியில் பிழை வந்தது என்று பக் ரிப்போர்ட் எழுதுவது அந்நியமான வேலை அல்ல. “மூன்று வருடம் இதைத்தான் செய்தேன், இரும்பில் செய்தேன்” என்று அவர் ஒரு உதாரணத்தோடு சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

அதோடு இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். “ஆட்டோமேஷன் இன்னும் தெரியாது, செலினியம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.” தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அங்கே நம்பிக்கை போனால், இடைவெளியைப் பற்றிச் சொன்ன உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

“பழைய சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் தர முடியும்” என்பார்கள். குறைந்தது எவ்வளவுக்குச் சம்மதம் என்பதை முந்தின நாளே வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது.

இடைவெளிக்குக் காரணம் நோய், பிரசவம், வீட்டில் பெரியவர்களைக் கவனித்தது என்றால் விவரம் தேவையில்லை. “வீட்டில் ஒரு மருத்துவப் பொறுப்பு இருந்தது, இப்போது ஏற்பாடு செய்துவிட்டேன், முழு நேரமும் வர முடியும்” என்பது போதும். எந்த நோய், யாருக்கு என்று துருவினால், “அது குடும்ப விஷயம் சார்” என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. ஆட்குறைப்பில் வேலை போயிருந்தால் அதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பதிலை முதலில் தமிழில் உரக்கச் சொல்லி, போனில் பதிவு செய்து கேளுங்கள். விஷயம் தெளிந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவர்கள், குறுக்குக் கேள்வி வந்ததும் முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பிப்பதைப் பார்க்கலாம். இவ்வளவு செய்தும் சில இடங்களில் கதவு திறக்காது. இடைவெளி இருந்தாலே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும் நிறுவனங்கள் இருக்கின்றன, அங்கே எந்தப் பதிலுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

கிளம்புவதற்கு முன் வருங்கால வைப்புநிதி இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, பழைய நிறுவனத்திலிருந்து விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் அதை ஏற்றாமல் விட்டுவிடுகின்றன. கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தால், ஆதாரோடு இணைத்த போன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு நீங்களே அதைப் பதிவு செய்துகொள்ளலாம். நீங்கள் வாயால் சொல்லும் தேதியும் அங்கே இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.