நேர்காணலுக்குப் பின் தன்னார்வலர் எழுத வேண்டிய மெயில்

தொண்டு நிறுவனம் ஒன்றில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர், அங்கேயே சம்பள வேலை ஒன்றுக்கு நேர்காணல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வேறு இடமென்றால் பதில் வரும்வரை வீட்டில் இருந்துவிடலாம். இவரோ அடுத்த சனிக்கிழமை அதே மையத்துக்குப் போக வேண்டும், கேள்வி கேட்டவர் முகத்திலேயே விழிக்க வேண்டும். "என்ன ஆச்சு மேடம்?" என்று கேட்டால் அவசரப்படுவதாக நினைப்பார்களோ, கேட்காவிட்டால் அக்கறை இல்லையென்று நினைப்பார்களோ என்று குழம்பியே பலர் வாய்ப்பை நழுவ விடுகிறார்கள்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரைப் பக்கம் ஒரு மாலை நேரப் படிப்பு மையம். பி.எட். முடித்த ஒரு பெண் இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் அங்கே ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார். கள ஒருங்கிணைப்பாளர் வேலை காலியாகிறது. விண்ணப்பிக்கிறார். சென்னை அலுவலகத்து எச்.ஆர். அதிகாரி, மையத்தைக் கவனிக்கும் திட்ட மேலாளர், ஒரு டிரஸ்டி என மூன்று பேர் நேர்காணல் செய்கிறார்கள். இதில் அவர் வேலையைக் கண்ணால் பார்த்தவர் திட்ட மேலாளர் மட்டும்தான். மற்ற இருவருக்கும் அவர் பயோடேட்டாவில் ஒரு வரி, 'தன்னார்வலர், 2 ஆண்டுகள்' அவ்வளவே. "என்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்று தன்னார்வலர்கள் நம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது.

அதனால் நேர்காணல் முடிந்த மறுநாளே ஒரு மெயில் போக வேண்டும். எச்.ஆர். முகவரிக்கு அனுப்பி, மற்ற இருவருக்கும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். மையத்து வாட்ஸ்அப் குழுவிலோ, திட்ட மேலாளரின் சொந்த எண்ணிலோ இதைத் தொடக்கூடாது. அங்கே நீங்கள் தன்னார்வலர். விண்ணப்பதாரராகப் பேசும் இடம் மெயில் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

மெயிலில் நன்றிக்கு ஒரு வரி போதும். மீதி இடத்தை, நேர்காணலில் சரியாகச் சொல்ல முடியாமல் போன ஒரே ஒரு பதிலுக்குக் கொடுங்கள். அந்தப் பெண் இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். நேற்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. பெற்றோரைக் கூட்டத்துக்கு எப்படி வரவழைப்பீர்கள் என்று டிரஸ்டி சார் கேட்டபோது நான் பொதுவாகவே பதில் சொன்னேன். மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு கூட்டத்தை ஞாயிறு காலையிலிருந்து சனி இரவு 7 மணிக்கு மாற்றினோம். இங்குள்ள பெற்றோரில் பாதிப்பேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார்கள். 9 பேர் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு 31 பேர் வந்தார்கள். வருகைப் பதிவேடு மையத்தில் இருக்கிறது. வேலை கிடைத்தால் 15 நாளில் சேர்ந்துவிடுவேன். முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

வெளியிலிருந்து வந்த போட்டியாளர் எவராலும் எழுத முடியாத கடிதம் இது. 'இரண்டு வருஷம் இலவசமாக உழைத்தேன்' என்ற வார்த்தை இதில் இல்லை. எழுதினால் கடனைத் திருப்பிக் கேட்பதுபோல ஆகிவிடும். 'வேலை கிடைக்காவிட்டாலும் தொடர்ந்து வருவேன்' என்ற வரியும் இல்லை. நல்ல மனதோடு பலர் இதை எழுதுகிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. தேர்வு செய்கிறவர் அதைப் படித்தால், இவரை எடுக்காவிட்டாலும் மையத்துக்கு நஷ்டமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது மெயில், அவர்கள் சொன்ன தேதி கடந்து மூன்று நான்கு வேலை நாட்கள் ஆன பிறகு. தேதியே சொல்லவில்லை என்றால் இரண்டு வாரம் பொறுக்கலாம். தொண்டு நிறுவனத்தில் பதில் தாமதமாவதற்குக் காரணம் பல சமயம் விண்ணப்பதாரரே அல்ல, பணம். சம்பளம் பெரும்பாலும் ஏதோ ஒரு திட்டத்து நிதியிலிருந்துதான் வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் தவணை வரும்வரை ஆளை எடுக்க முடியாது. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தில் நடக்கும் திட்டமென்றால் நிதியாண்டு மாறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் எல்லாம் தேங்கி நிற்பதுண்டு. வெளிநாட்டு நன்கொடையில் நடக்கும் நிறுவனத்துக்கு இன்னொரு நெருக்கடி. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை அனுமதித்த சட்டம், 2020 திருத்தத்துக்குப் பின் 20 சதவீதம்தான் அனுமதிக்கிறது. ஒரு சம்பளத்தைத் திட்டச் செலவில் காட்டுவதா, நிர்வாகச் செலவில் காட்டுவதா என்று கணக்குப் பிரிவு முடிவு செய்யாமல் ஆர்டர் வராது.

ஆகவே இரண்டாவது மெயிலில் "என் நிலைமை என்ன?" என்று கேட்பதைவிட, "இந்தப் பணியிடத்துக்கு நிதி உறுதியாகிவிட்டதா? எத்தனை மாதத்துக்கு?" என்று கேட்பது மேல். பதில் சொல்கிறவருக்கும் அது சுலபம். "ஒப்பந்தத்துக்குக் காத்திருக்கிறோம்" என்று வந்தால், உங்களை ஒதுக்கிவிட்டார்களோ என்ற கவலையை விடலாம். "11 மாதம்தான்" என்று வந்தால், கையில் இருக்கும் வேலையை விடுவதா என்று யோசிக்க இப்போதே நேரம் கிடைக்கிறது.

இந்த இடைவெளியில்தான் பெரிய ஆபத்து. ஒருங்கிணைப்பாளர் நாற்காலி காலி. பதிவேடு எழுத, மாத அறிக்கை அனுப்ப, வீடு வீடாகப் போக ஆள் இல்லை. "கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்களேன்ம்மா" என்பார் மேலாளர். கெட்ட எண்ணத்தோடு கேட்கமாட்டார். ஆனால் சனிக்கிழமை மூன்று மணி நேரம் வந்தவர் வாரத்தில் நான்கு நாள் வரத் தொடங்கினால், எந்த வேலைக்காக நேர்காணல் கொடுத்தாரோ அதையே சம்பளமில்லாமல் செய்கிறார். ஆள் எடுக்கும் அவசரம் நிறுவனத்துக்குக் குறைந்துவிடுகிறது. விண்ணப்ப அறிவிப்பில் இருந்த பணிப் பட்டியலை எடுத்து, நீங்கள் இப்போது செய்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒத்துப்போனால் பேசியாக வேண்டும். "சனிக்கிழமை வகுப்பை விடமாட்டேன் சார். அறிக்கை வேலையை முடிவு தெரிந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் அவசியமென்றால் மாதத் தொகை ஏதாவது பேசிக்கொள்ளலாமா?" என்று தணிவாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால், சேர்ந்த பிறகு அங்கே நிலைமை எப்படி இருக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று பதில் வந்தால், அன்றைக்கே பதில் எழுத வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர் நாளை உங்களுக்கு மேற்பார்வையாளர் என்பதை மனது ஏற்க நாளாகும். மேலாளரிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. வகுப்புக்கு மாற்று ஆள் வைக்க அவகாசம் கொடுத்தால் போதும். பிறகு எச்.ஆருக்கு இரண்டு விஷயம் எழுதுங்கள். எந்தத் தகுதி குறைந்தது என்று ஒரு கேள்வி. இரண்டு ஆண்டுப் பணிக்கு, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றிதழ். வெறும் பாராட்டுக் கடிதம் வேறு நிறுவனத்தில் அனுபவமாக எடுபடாது. தேதியும் பணி விவரமும் உள்ள கடிதம் எடுபடும். இதை நீங்கள் இன்னும் மையத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. மேலாளர் மாறிப் போனால், உங்கள் வேலையைப் பார்த்தவர் என்று கையெழுத்துப் போட அங்கே ஆள் இருக்காது.