ஓடும் குழந்தை படத்தில் கலங்குவது ஏன்?

பள்ளி விளையாட்டு விழா. 50 மீட்டர் ஓட்டத்தில் மகள் ஓடுகிறாள். அப்பா கேமராவோடு எல்லைக் கோட்டருகே நிற்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படங்களிலும் அவள் முகம் கலங்கலாக இருக்கிறது.

தவறு எங்கே என்பதைப் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். பின்னால் நிற்பவர்கள் தெளிவாக இருந்து, மகள் மட்டும் ஓடிய திசையில் இழுபட்டுத் தெரிந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. இழுபடாமல் அவள் மங்கலாகவும், பின்னால் உள்ள புல் துல்லியமாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது.

முதலில் ஷட்டர். 50 மீட்டரை 10 நொடியில் ஓடும் குழந்தை ஒரு நொடியில் 5 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 நொடியில் நகர்வது 5 மில்லிமீட்டர்தான். அதனால் கேமராவின் திருகை ஷட்டர் முன்னுரிமைக்குத் திருப்பி (நிக்கான், சோனியில் S, கேனானில் Tv) 1/1000 வையுங்கள். லென்ஸ் துளையின் அளவைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விடுங்கள்.

குறுக்கே ஓடும் குழந்தைக்கு இதுவே பெரும்பாலும் போதும். நம்மை நோக்கி ஓடிவரும்போதுதான் ஃபோகஸ் சிக்கல் வருகிறது. சாதாரண ஃபோகஸ், பொத்தானைப் பாதி அழுத்திய கணத்தில் இருந்த தூரத்திலேயே நின்றுவிடும். அரை நொடி கழித்துப் படமெடுத்தால், குழந்தை இரண்டரை மீட்டர் முன்னால் வந்திருக்கும். தொடர் ஃபோகஸ் (AF-C, கேனானில் Servo) பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும்வரை தூரத்தை அளந்து லென்ஸை நகர்த்திக்கொண்டே இருக்கும். அது குழந்தையைப் பற்றிக்கொள்ளச் சற்று நேரம் தேவை. எனவே ஒரு நொடி முன்பே பாதி அழுத்தி, ஃபோகஸ் புள்ளியை அவள் மார்பின்மேல் வைத்தபடி கேமராவை நகர்த்துங்கள்.

அடுத்தது தொடர் படப்பிடிப்பு. நொடிக்கு 8 படம் எடுத்தாலும் இரண்டு படங்களுக்கு இடையில் குழந்தை 60 சென்டிமீட்டருக்கு மேல் ஓடிவிடும். இரண்டு கால்களும் தரையை விட்டெழும் கணம் எந்தப் படத்தில் விழும் என்று சொல்ல முடியாது. பல படங்கள் இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் தொடக்கத்திலிருந்தே அழுத்திப் பிடித்தால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, கோட்டைத் தொடும்போது வேகம் தளர்ந்துவிடும். கடைசி 10 மீட்டருக்கு அழுத்தினால் போதும்.

மாலை மங்கினாலோ உள்ளரங்கில் எடுத்தாலோ, 1/1000-க்கு வெளிச்சம் போதாமல் ஐ.எஸ்.ஓ. ஏறும், படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். அப்போது 1/500 வரை இறங்கலாம். கைகால்கள் கொஞ்சம் இழுபட்டாலும் முகம் பெரும்பாலும் நிற்கும். அதற்கும் கீழே போகாதீர்கள். புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். இழுபட்ட முகத்தைச் சரிசெய்வது மிகக் கடினம்.