கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம்: முழுதாகச் செருகினீர்களா?

2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 4090 கார்டு விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, உருகிக் கருகிய கனெக்டர்களின் படங்கள் வெளிவரத் தொடங்கின. விசாரித்த நிறுவனம், கனெக்டர் முழுதாகச் செருகப்படாததே பெரும்பாலும் காரணம் என்றது.

ஒரு சிறிய இடைவெளி எப்படி பிளாஸ்டிக்கை உருக்குகிறது? இந்தக் கார்டு 450 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் அது 37.5 ஆம்பியர். 16 பின் கனெக்டரில் மின்சாரத்தைக் கொண்டுவருபவை ஆறு பின்கள்; எல்லாம் சரியாகத் தொட்டால் ஒவ்வொன்றிலும் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். கனெக்டர் சாய்ந்து நான்கு பின்கள் மட்டும் நன்றாகத் தொடுகின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு சுமக்கும். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்தப் பின்களில் சூடு இரண்டேகால் மடங்காகிவிடும். இரண்டு பின்கள் மட்டும் தொட்டால் ஒன்பது மடங்கு. இந்தக் கார்டில் ஆறு பின்களும் உள்ளே ஒன்றாக இணைவதால், எந்தப் பின் திணறுகிறது என்று அதற்குத் தெரியாது. விளையாட்டு தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். கருகும் வாடைதான் முதல் அறிகுறியாக இருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். வலுவில்லாவிட்டால் நடப்பது வேறு. கார்டு சில மில்லி விநாடிகளுக்குத் தன் வழக்கமான அளவைத் தாண்டி மின்சாரம் இழுப்பதுண்டு. அதைத் தாங்க முடியாத நல்ல எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். விளையாட்டின் கனமான காட்சியில் கணினி சட்டென அணைந்தாலோ, மறுதொடக்கமானாலோ முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். 4090-க்கு 850 வாட் பரிந்துரைக்கப்பட்டிருப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

இணைக்கும் முன் கணினியை அணைத்து, எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சையும் அணையுங்கள். அதனுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். வேறு மாடலின் கேபிள் பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம், கார்டே எரிந்துவிடும். அடாப்டர் வைத்தால் ஒவ்வொரு 8 பின்னுக்கும் தனி கேபிள் கொடுங்கள். 8 பின் கனெக்டர் ஒன்றுக்கு விதிப்படி 150 வாட்தான்.

கனெக்டரை நேராகப் பிடித்து, நின்ற பிறகும் ஒருமுறை அழுத்துங்கள். 'கிளிக்' சத்தம் சில சமயம் கேட்காது, அதை நம்பாதீர்கள். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே கோடு போன்ற இடைவெளிகூடத் தெரியக் கூடாது. மெல்ல இழுத்தால் வரக் கூடாது. கனெக்டரிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் தாண்டிய பிறகே கேபிளை வளையுங்கள். கேபினட் கதவு கேபிளை அழுத்தினால், நேராக இருந்த கனெக்டரும் நாளடைவில் சாயும். கதவை மூடியபின் ஒருமுறை திறந்து, இடைவெளி விழுந்திருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள்.