முப்பத்தேழு முகடுகள்

ஒளியியல் ஆய்வகங்களில் டைட்டானியம்-சபையர் என்றொரு லேசர் உண்டு. அது ஒளியை விட்டுவிட்டு, துடிப்பு துடிப்பாக உமிழவும் வல்லது. 100 ஃபெம்டோ வினாடி நீடிக்கும் ஒரு துடிப்பை எடுத்துக்கொள்வோம். வினாடியைப் பத்து லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு. அந்த நேரத்துக்குள் ஒளி கடக்கும் தூரம் 30 மைக்ரோமீட்டர்தான்; ஆக, துடிப்பின் நீளமும் அவ்வளவே. ஒளியின் அலைநீளம் 800 நானோமீட்டர். வகுத்துப் பார்த்தால் அந்தத் துடிப்புக்குள் ஏறத்தாழ 37 அலை முகடுகள் இருக்கும். இப்படி ஓரிடத்தில் திரண்டு நிற்கும் அலைக்கூட்டத்தைத்தான் அலைப்பொதி என்கிறோம்.

இந்தப் பொதியின் அலைநீளம் சரியாக எவ்வளவு? முகடுகளை எண்ணி, நீளத்தை வகுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பொதியின் இரு முனைகளும் கத்தரித்தாற்போல் முடிவதில்லை, மங்கி மறைகின்றன. உள்ளே இருப்பது 37 முகடா, 38 முகடா என்று அறுதியிட வழியில்லை. அந்தத் தடுமாற்றம் நிறமாலைமானியில் கண்ணெதிரே தெரிகிறது. 800 நானோமீட்டரில் ஒற்றைக் கோடு விழுவதற்குப் பதில், அரை உயரத்தில் 9 நானோமீட்டருக்குச் சற்று மேல் அகலமுள்ள மேடு ஒன்று விழுகிறது. துடிப்பை 10 ஃபெம்டோ வினாடிக்குச் சுருக்கினால் உள்ளே நான்கு முகடுகள்கூட இரா. மேடும் 94 நானோமீட்டருக்கு விரிந்துவிடும்.

இது கருவியின் குறையன்று. தூய ஒற்றை அலைநீளம் கொண்ட அலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால், சற்றே வேறுபட்ட அலைநீளமுள்ள பல அலைகளை அதனுடன் கூட்ட வேண்டும். நடுவில் எல்லா முகடுகளும் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும். விலகிச் செல்லச் செல்ல ஒன்றின் முகடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து, கூட்டுத்தொகை அடங்கிப்போகும். அது சீக்கிரமே அடங்க வேண்டுமா? அப்படியானால் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்ட அலைகளைச் சேர்த்தாக வேண்டும். பொதியைக் குறுக்குவதற்கு வேறு வழி கிடையாது.

அலைநீளத்துக்குப் பதிலாக அலையெண்ணைக் கொண்டு சொன்னால் கணக்கு இன்னும் எளிது. 2πயை அலைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது அலையெண், k. இடத்தில் பொதியின் அகலம் Δx, அலையெண்ணில் அதன் அகலம் Δk. இரண்டையும் திட்ட விலக்கமாக அளந்தால்

Δx · Δk ≥ 1/2

மணி வடிவப் பொதிக்கு மட்டுமே சமக்குறி பொருந்தும். இதில் குவாண்டம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒலிக்கும் கடலலைக்கும் இதே கணக்குதான்.

குவாண்டம் நுழைவது ஒரே ஒரு வாசல் வழியாக. 1924இல் லூயி தெ புரோலி பொருள்துகளுக்கும் அலைநீளம் உண்டென்று சொன்னார். துகளின் உந்தம் p, ħ என்ற மிகச் சிறிய மாறிலியை அலையெண்ணால் பெருக்கியதற்குச் சமம். மேலே உள்ள விதியின் இருபுறத்தையும் ħஆல் பெருக்கினால் Δx · Δp ≥ ħ/2 வந்துவிடுகிறது. ஹைசன்பர்க் 1927இல் முன்வைத்த நிச்சயமின்மைக் கோட்பாட்டுக்கு, அதே ஆண்டில் கென்னார்டு கணித நிறுவலோடு தந்த வடிவம் இது. காமா கதிர் நுண்ணோக்கியால் எலக்ட்ரானைப் பார்க்கப்போனால் அது இடிபட்டு விலகிவிடும் என்பது ஹைசன்பர்க் தந்த விளக்கம். இன்றும் பலர் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அது விஷயத்தின் அடிவேரைத் தொடவில்லை. யாரும் தொடாத, யாரும் பார்க்காத எலக்ட்ரானுக்கும் இந்த எல்லை உண்டு. ஏனென்றால் அதன் நிலையே ஒரு பொதி.

ஒளிக்கும் எலக்ட்ரானுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. வெற்றிடத்தில் எல்லா அலைநீள ஒளியும் ஒரே வேகத்தில் போவதால் துடிப்பின் நீளம் மாறாது. கண்ணாடிக்குள் வேகங்கள் வேறுபடும். 10 ஃபெம்டோ வினாடித் துடிப்பு 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள உருக்கிய சிலிக்காவைக் கடந்தால் சுமார் 100 ஃபெம்டோ வினாடியாக நீண்டுவிடும். நிறமாலையோ அப்படியே இருக்கும். Δx மட்டும் வளர்கிறது, Δk மாறவில்லை.

எலக்ட்ரானுக்கு வெற்றிடமே கண்ணாடி மாதிரி. அங்கும் அலையெண் மாறினால் வேகம் மாறுகிறது. அணுவளவான 0.1 நானோமீட்டர் அகலத்தில் ஓர் எலக்ட்ரானை அடைத்து, பிறகு திறந்துவிட்டால், அதன் வேகத்தில் வினாடிக்குக் குறைந்தது 580 கிலோமீட்டர் பரவல் இருக்கும். ஒரே வினாடியில் பொதியின் அகலம் 580 கிலோமீட்டரைத் தொட்டுவிடும்.

பழைய தொலைக்காட்சிக் குழாயிலும் எலக்ட்ரான்கள்தான் பறந்தன. அங்கே படம் ஏன் கலங்கவில்லை? 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள பொதி என்று வைத்துக்கொண்டால், வேகப் பரவல் வினாடிக்கு 58 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. திரையை அடைய ஆகும் 10 நானோ வினாடிக்குள் அந்தப் பரவலால் நேரும் விலகல் 6 நானோமீட்டர்கூட இல்லை.